கீரையில் இருக்கும் புரதம் தட்டுக்கு எவ்வளவு வருகிறது?

(நமது அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் நலப்பணிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கணவனை இழந்த சகோதரிகளின் குடும்பங்களுக்கு நாம் மாதந்தோறும் கொடுக்கும் பையில் இரண்டு கிலோ துவரம் பருப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, அந்தப் பணத்துக்குக் கீரையும் காய்கறியும் வாங்கிக்கொள்ளக் கொடுத்தால் என்ன? கீரையிலும் புரதம் இருக்கிறதே, பிள்ளைகளுக்குக் கீரையும் சேர்ந்துவிடும், புரதத்துக்குப் புரதமும் ஆகிவிடும் என்று யோசனை சொன்ன சகோதரி விளக்கினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கீரையில் புரதம் இருக்கிறது என்பது உண்மை. எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு ஒரு ஆளின் தட்டுக்கு வந்து சேர்கிறது என்பதைப் பார்க்காமல் முடிவு சொல்ல வேண்டாம் என்று ஒரு மாதம் தவணை கேட்டிருந்தோம். பார்த்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒருவருக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்ற கணக்கு. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அளவின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது நாற்பத்தொன்றரை கிராம். நல்ல தரமான புரதம் சாப்பிடுகிறவர்களுக்கு உரிய அளவு இது. நம்மைப் போல் பெரும்பாலும் சோற்றையே நம்பி இருப்பவர்கள் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இருந்தாலும் இன்றைய கணக்குக்குக் குறைந்த அளவையே எடுத்துக்கொள்வோம். அதற்கே எவ்வளவு எட்டுகிறது என்று பார்க்கலாம்.

எங்கள் குழுவில் மூவர், ஒரு தராசை எடுத்துக்கொண்டு நம் பயனாளிக் குடும்பம் ஒன்றில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான். வீட்டில் நான்கு பேர். தையல் வேலை செய்யும் அந்தச் சகோதரி, பிளஸ் டூ படிக்கும் மகள், பத்து வயது மகன், பிள்ளைகளின் நன்னி. நாங்கள் போனது வாரநாள். கறியோ மீனோ இல்லாத நாள். அந்த வீட்டில் கறி ஆணம் வெள்ளிக்கிழமை மட்டும்தான். வெள்ளிக்கிழமை சாப்பிட்ட புரதத்தை உடம்பு கொழுப்பைப் போலச் சேமித்து வைத்துப் புதன்கிழமைக்குக் கொடுக்காது. அதனால் வாரநாளைத்தான் பார்க்க வேண்டும்.

அன்று காலையில் மூன்று இட்லி, தக்காளி வெங்காயச் சட்னி. மதியம் சோறு, அரைக்கீரைப் பொரியல், கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட புளிக்குழம்பு. இரவு மீண்டும் சோறு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல். இரண்டு வேளை பால் தேநீர். நம் எல்லா வீடுகளிலும் பழக்கமான சாப்பாடுதான். மூன்று வேளையும் காய்கறி இருக்கிறது, கீரையும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் நல்ல சாப்பாடு என்றே சொல்வார்கள்.

இப்போது கீரையை மட்டும் எடுப்போம். வாங்கி வந்த கட்டு 320 கிராம் இருந்தது. வேரையும் முற்றிய தண்டையும் பழுத்த இலையையும் தள்ளி ஆய்ந்த பிறகு எடை போட்டோம், 180 கிராம் நின்றது. நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 45 கிராம். உணவு அட்டவணைகள் அரைக்கீரைக்கும் தண்டுக்கீரைக்கும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய மூன்றரை கிராம் புரதம் சொல்கின்றன. அப்படியானால் 45 கிராம் கீரையில் ஒருவருக்குக் கிடைத்தது 1.6 கிராம்.

இந்த இடத்தில்தான் பலருக்கும் கணக்கு தவறிப் போகிறது. அட்டவணையில் இருக்கும் நூறு கிராம் என்பது ஆய்ந்த பச்சைக் கீரையின் எடை. கட்டின் எடையும் அல்ல, வெந்த கீரையின் எடையும் அல்ல. ஒரு கட்டு வாங்கினேன், முந்நூறு கிராம், பத்து கிராம் புரதம் என்று நினைத்தால், குப்பைக்குப் போன தண்டையும் வேரையும் சேர்த்து எண்ணிவிட்டோம், நாலு பேருக்குப் பங்கிட்டதை மறந்துவிட்டோம். வீட்டில் பார்க்க விரும்புகிறவர்கள் ஆய்ந்த பின், சட்டியில் போடும் முன் எடை போடுங்கள். பிறகு சாப்பிடுகிற ஆட்களால் வகுங்கள். அவ்வளவுதான் வேலை.

அந்தச் சகோதரிக்கு அன்று மற்ற காய்களிலிருந்து வந்ததையும் சேர்த்துவிடுவோம். அவருடைய எடை ஐம்பது கிலோ. குழம்பில் இருந்த கத்தரிக்காய், முருங்கைக்காய் அவர் பங்குக்கு ஐம்பது கிராம். அதில் 0.8 கிராம் புரதம். குழம்புக்குப் போட்ட வெங்காயம், தக்காளியில் அரை கிராம். காலைச் சட்னியில் இன்னொரு அரை கிராம். இரவு முட்டைக்கோஸ் அறுபது கிராம், அதில் 0.9. கீரையின் 1.6ஐயும் சேர்த்தால், நாள் முழுவதும் கீரை, காய்கறி எல்லாவற்றிலிருந்தும் அவருக்குக் கிடைத்தது 4.3 கிராம்.

மிச்சம் எங்கிருந்து வந்தது? இட்லி மூன்றில் ஆறு கிராம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு உளுந்து கொடுத்தது, மீதி அரிசி. மதியச் சோற்றுக்கு அவர் பங்கு அரிசி 150 கிராம், அதில் 11 கிராம். இரவுச் சோற்றுக்கு நூறு கிராம் அரிசி, ஏழரை கிராம். தேநீருக்கு ஊற்றிய பால் எல்லாம் சேர்ந்து நூறு மில்லி, மூன்று கிராம். ஆக 27.5. காய்கறியின் 4.3ஐச் சேர்த்தால் அந்த நாளின் மொத்தம் ஏறக்குறைய 32 கிராம். வேண்டியது நாற்பத்தொன்றரை. ஏறக்குறைய பத்து கிராம் பற்றாக்குறை.

சோற்றில் புரதமா என்று கூட்டத்தில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது. ஆமாம். அரிசியில் நூறு கிராமுக்கு ஏழிலிருந்து எட்டு கிராம் வரை புரதம் உண்டு. நாம் அதை அளவாகச் சாப்பிடுவதில்லை, அதனால் நம் தட்டில் புரதத்தை அதிகமாகக் கொண்டு வருவது சோறுதான். இந்த வீட்டில் பாதிக்கு மேல் அதுதான் கொடுத்தது. சர்க்கரை நோய்க்காகச் சோற்றைக் குறைக்கிற வீடுகளில் அந்தப் புரதமும் சேர்ந்து குறைகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் காயை நிரப்பினால் வயிறு நிறையும். புரதம் அந்த அளவுக்கு நிறையாது.

சரி, கீரையும் காயும் கொடுத்த 4.3 கிராம் பெரிதா சிறிதா? அவர் அன்று சாப்பிட்ட புரதத்தில் ஏழில் ஒரு பங்கு. அவருக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. அதுவும் இல்லாமல் போயிருந்தால் பற்றாக்குறை பதினாலு கிராமாகி இருக்கும். ஆனால் குறைகிற அந்தப் பத்து கிராமைக் கீரையாலேயே நிரப்பலாமா என்று கேட்டால், கணக்கு வேறு மாதிரி பேசுகிறது. பத்து கிராம் புரதத்துக்கு ஆய்ந்த அரைக்கீரை 285 கிராம் வேண்டும். அது ஒன்றரைக் கட்டுக்கும் மேல், ஒரே ஆளுக்கு, அதுவும் ஏற்கெனவே சாப்பிட்டதற்கு மேலாக. வீட்டில் நாலு பேருக்கும் இப்படியே என்றால் தினமும் ஆறேழு கட்டு ஆய வேண்டும். தையல் மிஷினில் உட்கார வேண்டிய சகோதரிக்குக் கீரை ஆய்வதிலேயே பொழுது போய்விடும்.

முருங்கைக்கீரை என்றால் நிலைமை கொஞ்சம் நன்றாக இருக்கும். அதில் நூறு கிராமுக்கு ஆறரை கிராம் வரை புரதம். அகத்தியில் எட்டு. பொன்னாங்கண்ணியில் ஐந்து. பசலைக்கீரையில் இரண்டுதான். எல்லாவற்றையும் கீரை என்று ஒரே பெயரில் அழைக்கிறோம், ஆனால் அகத்திக்கும் பசலைக்கும் நாலு மடங்கு வித்தியாசம். முருங்கை நம் ஊரில் பல வீட்டு வாசலில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆளுக்கு 45 கிராம் உருவிய இலை சமைத்தால் கிட்டத்தட்ட மூன்று கிராம் வருகிறது. அரைக்கீரையைப் போல இரு மடங்கு. ஆனாலும் 45 கிராம் இலை என்பது உருவிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நாலு பேருக்கு ஒரு பெரிய முறம் நிறைய வேண்டும். அகத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதன் கசப்புக்குப் பிள்ளைகள் தினமும் சம்மதிக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். புரதத்தை யாரும் தனியாகப் பிரித்து எடுத்து எடை போட்டு அட்டவணை எழுதவில்லை. உணவில் இருக்கும் நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கி, இவ்வளவு புரதம் என்று எழுதுகிறார்கள். இறைச்சிக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். இலையில் புரதமாக இல்லாத நைட்ரஜனும் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பெருக்கிவிடுவதால் கீரையின் எண் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். போதாததற்கு, இலையின் நாருக்குள் இருக்கும் புரதம் முட்டை, பால் புரதத்தைப் போல முழுதாகச் செரிப்பதும் இல்லை. நாங்கள் எழுதிய 1.6 கிராமைத் தாராளமான கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கைபேசியில் வருகிற செய்திகள்? பசலைக்கீரை கறிக்குச் சமம், முருங்கை இலைப்பொடியில் முட்டையைவிட இரண்டு மடங்கு புரதம் என்றெல்லாம் வருகிறதே என்று பல சகோதரிகள் கேட்டார்கள். இவை முழுப் பொய்யும் அல்ல. வகுக்கிற எண்ணை மாற்றிவிட்டுச் சொல்கிறார்கள்.

முதல் செய்தியில் எடைக்கு எடை ஒப்பிடவில்லை, கலோரிக்குக் கலோரி ஒப்பிடுகிறார்கள். நூறு கலோரிக்குக் கறியில் எவ்வளவு, நூறு கலோரிக்குக் கீரையில் எவ்வளவு என்று. கீரையில் பெரும்பகுதி தண்ணீர், கலோரி மிகக் குறைவு. நூறு கலோரி வர நானூறு கிராமுக்கு மேல் பசலைக்கீரை சாப்பிட வேண்டும். அவ்வளவு சாப்பிடுகிறவருக்கு எட்டு ஒன்பது கிராம் புரதம் கிடைக்கும்தான். சாப்பிடுகிறவர் யார் என்பதைத்தான் செய்தி சொல்வதில்லை.

இரண்டாவது, பொடி. முருங்கை இலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். உலர்த்தினால் அந்தத் தண்ணீர் போய்விடும், புரதம் அப்படியே நிற்கும். ஆறரை கிராம் என்பது நாலு மடங்காகி 26 கிராம் ஆகும். நூறு கிராம் பொடிக்கு இது சரியான எண்தான். ஆனால் நூறு கிராம் பொடியை யார் சாப்பிடுகிறார்கள்? கஞ்சியில் ஒரு தேக்கரண்டி போடுவோம். அது இரண்டு மூன்று கிராம் எடை. அதில் இருக்கும் புரதம் அரை கிராம், கூடிப் போனால் முக்கால் கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு முட்டைக்கு ஈடாகப் பொடி வேண்டுமென்றால் எட்டுப் பத்துக் கரண்டி போட வேண்டும், அந்தக் கஞ்சியை யாரும் வாயில் வைக்க முடியாது. கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் வழக்கத்தைவிட 22 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும். அதற்காக ஒரு டப்பா இலைப்பொடியை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு தைரியமாக இருக்கிற வீடுகளை நாங்கள் பார்த்தோம். இரும்புச்சத்துக்காக என்றால் அது வேறு பேச்சு. புரதத்துக்காக என்றால் அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

கீரையின் மேல் நமக்கு இவ்வளவு நம்பிக்கை வந்ததற்கு எங்களுக்குத் தோன்றிய ஒரு காரணம், கீரைக் கூட்டு. பாசிப்பருப்புப் போட்டுக் கடைந்த கீரையைப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், தெம்பாக இருக்கிறார்கள். அந்தக் கிண்ணத்தைப் பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு 45 கிராம் கீரை, 20 கிராம் பாசிப்பருப்பு என்றால், கீரை கொடுப்பது 1.6 கிராம், பருப்பு கொடுப்பது கிட்டத்தட்ட ஐந்து கிராம். கிண்ணத்தில் நால் பங்கில் மூன்று பங்குப் புரதம் பருப்பிலிருந்து வருகிறது. பெயர் மட்டும் கீரைக்குப் போய்விடுகிறது. அதே கீரையைப் பருப்பில்லாமல் வெங்காயம் மட்டும் போட்டு வதக்கினால், பெயர் அதேதான், புரதம் கால் பங்குதான். பருப்பு விலை ஏறும்போது வீடுகளில் முதலில் நடப்பது இதுதான். கூட்டு பொரியலாகிறது, சாம்பார் நீர்த்துப் போகிறது, தட்டில் நிறம் மாறாததால் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

இனி காய்களைப் பற்றி. இங்கே தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் ஆதாயம் உண்டு. நூறு கிராம் சுரைக்காயில் புரதம் அரை கிராம். புடலையும் அப்படித்தான். கேரட்டில் ஒன்று. முட்டைக்கோஸ், கத்தரி, உருளை எல்லாம் ஒன்றரைக்குப் பக்கத்தில். கொத்தவரையிலும் அவரையிலும் மூன்றரைக்கு மேல். பச்சைப் பட்டாணி, பச்சை மொச்சை என்றால் ஏழு. ஏன் இந்தத் தாவல் என்றால், பட்டாணியும் மொச்சையும் காய் அல்ல, முற்றாத பயறு. கொத்தவரையும் அவரையும் அந்த இனத்தின் பிஞ்சு. காய்கறிக் கடையில் விற்பதால் காய் என்கிறோம்.

நாங்கள் பார்த்த அதே வீட்டில், அரைக்கீரைக்குப் பதில் முருங்கைக்கீரை, முட்டைக்கோஸுக்குப் பதில் கொத்தவரை என்று மாற்றியிருந்தால், அளவைக் கூட்டாமலேயே 4.3 கிராம் ஏறக்குறைய ஏழு கிராமாகி இருக்கும். மொச்சை கிடைக்கிற தை மாதத்தில் குழம்புக்கும் மொச்சையைப் போட்டால் ஒன்பது கிராமைத் தாண்டும். அப்படியானால் பற்றாக்குறையில் பாதி காய்கறியாலேயே அடைந்துவிடுகிறது. இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை, போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காய்கறியில் புரதத்துக்கு வழியே இல்லை என்று சொல்கிறவர்களும் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். ஆனால் மொச்சை வருடம் முழுக்கக் கிடைப்பதில்லை, கொத்தவரையைத் தினமும் சமைக்க முடியாது. சுரைக்காயும் பூசணியும் மலிவாக வரும் வாரங்களில் வீட்டில் அதுதான் வேகும். அந்த வாரங்களையும் தாண்டிப் போக ஏதாவது வேண்டும்.

அந்த வீட்டில் எங்களுக்குக் கவலை தந்தது நன்னியின் தட்டு. அவருக்கு 45 கிலோ எடை, வேண்டியது 37 கிராம். பல் இல்லாததால் கீரை என்றால் விரும்பிச் சாப்பிடுவார். அன்றும் மருமகள் தன் பங்கைக் குறைத்து மாமிக்கு இரண்டு பங்கு வைக்கப் போனார், அளவு போடுகிறோம் என்று சொல்லி அவருடைய பங்கை அவரே சாப்பிட வைத்தோம். மகன் கீரையைத் தொடவில்லை, அது நன்னிக்குப் போனது. ஆக 90 கிராம் கீரை, மூன்று கிராமுக்கு மேல் புரதம். மற்ற காய்களில் ஒன்றரை. இட்லி இரண்டில் நாலு. சோறு மதியம் ஒரு கை, இரவு அதைவிடக் குறைவு, இரண்டிலும் சேர்ந்து ஒன்பது. பாலில் மூன்று. மொத்தம் 21 கிராம். வீட்டிலேயே அதிகமாகக் கீரை சாப்பிட்டவர் அவர். அதிகமான பற்றாக்குறையும் அவருக்குத்தான், பதினாறு கிராம். "மாமி நல்லாத்தான் சாப்பிடுறாங்க, கீரை இல்லாம அவங்களுக்கு ஒரு நாளும் போகாது" என்று மருமகள் சொன்னதில் பொய் இல்லை. வயதானவர்களுக்குச் சோறு குறையும்போது புரதம் குறைகிறது. கீரை வயிற்றை நிரப்பிவிடுவதால் அது வெளியே தெரிவதில்லை. உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, தொடை மெலிந்துகொண்டே போகிறது, மாடிப்படி ஏற மறுக்கிறார் என்றால் வயது என்று விட்டுவிடாமல், தட்டையும் பாருங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

நன்னிக்கு என்ன செய்யலாம் என்று அங்கேயே பார்த்தோம். 25 கிராம் பருப்பைக் குழைய வேகவைத்து அதே கீரையில் கடைந்தால் ஐந்தரை கிராம். ஒரு வேகவைத்த முட்டை ஆறு. படுக்கும் முன் 150 மில்லி பால் என்றால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. பதினாறு நேராகிவிடுகிறது. மூன்றும் பல் தேவைப்படாத உணவு. மருமகளுக்குப் பருப்பும் முட்டையுமே போதும், பதினொன்றரை கிராம் வருகிறது, குறை தீர்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் புரதத்தை அளந்து சொல்லியிருப்பார். அவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம், அவர் சொன்ன அளவுதான் அவர்களுக்கு.

இப்போது பைக்கு வருவோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் பருப்பு என்றால் நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்று கிலோ. ரேஷன் கடையில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு கிடைக்கிறது. நாம் கொடுப்பது இரண்டு கிலோ. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த மூன்று கிலோ சரியாக வருகிறது. நம் இரண்டு கிலோவை நிறுத்தினால், வீட்டில் மிஞ்சுவது ஆளுக்கு எட்டு கிராம் பருப்பு, இரண்டு கிராமுக்கும் குறைவான புரதம். அந்த இரண்டு கிலோ பருப்பில் 440 கிராம் புரதம் இருக்கிறது. அதை அரைக்கீரையால் ஈடு செய்ய ஆய்ந்த கீரை பன்னிரண்டரை கிலோ, கட்டுக் கணக்கில் எழுபது கட்டு வேண்டும். பருப்பின் விலையில் எழுபது கட்டுக் கீரை தர எந்தக் கடைக்காரரும் முன்வர மாட்டார். தந்தாலும், வாங்கிய மறுநாளே வாடத் தொடங்கும் பொருளை மாதப் பையில் வைத்துக் கொடுக்க முடியாது.

கீரையைக் குறைக்கச் சொல்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்வைக்கும் இரத்தத்துக்கும் வேண்டிய சத்துகளைப் பருப்பால் அந்த அளவுக்குத் தர முடியாது, கீரை தருகிறது. யோசனை சொன்ன சகோதரியின் எண்ணம் அதில்தான் நிற்கிறது, அது சரியான எண்ணமும்கூட. எனவே குழு இப்படி முடிவு செய்திருக்கிறது: இரண்டு கிலோ துவரம் பருப்பு பையில் அப்படியே இருக்கும். வாசலில் இடமுள்ள பயனாளி வீடுகளுக்கு முருங்கைக் கிளை நட்டுக் கொடுப்போம், மழைக்காலம் தொடங்கும் முன் பெயர் கொடுத்துவிடுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு மாதம் ஒரு அட்டை முட்டை சேர்ப்பது பற்றி அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கேட்க இருக்கிறோம். ஒரு அட்டையில் முப்பது முட்டை, ஒரு ஆளுக்கு ஒரு மாதம்.

எடை போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நாங்கள் கொண்டுபோன தராசு அலுவலகத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு இரண்டு நாளைக்கு எடுத்துப் போகலாம். மழலையர் உள்ள வீடுகள், பிரசவம் எதிர்பார்க்கும் வீடுகள் முதலில் கேட்டால் முதலில் கொடுப்போம். உங்கள் வீட்டுக் கீரைக்கட்டு ஆய்ந்த பின் எத்தனை கிராம் நிற்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் பார்த்தது ஒரே ஒரு வீடு. பத்துப் பதினைந்து வீட்டுச் சீட்டு சேர்ந்ததும் அந்த எண்களை இதே இதழில் போடுகிறோம்.